தூரத்தில் கேட்கும் நாயனம்: 1993 கல்யாண வீடியோவில் வரும் பாட்டு எது?

கார்குழலி

எல்லோருக்கும் வணக்கம். 1993-ல் கும்பகோணம் பக்கத்து கிராமத்தில் என் சித்தப்பா கல்யாணம் நடந்தது. அந்த வீடியோ கேசட்டைப் போன மாதம்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிந்தது. 12:40-லிருந்து ஒரு முக்கால் நிமிடம் என் அப்பா இரண்டாவது வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. தாலி கட்டி முடிந்து மொய் எழுதிக்கொண்டிருக்கும் நேரம். பக்கத்தில் யாரோ பேச்சுக் கொடுக்கிறார்கள், அவர் பதில் சொல்லாமல் பந்தல் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியே நாயனம் வாசிக்கிறார்கள். பேச்சுச் சத்தத்துக்கும் பாத்திரச் சத்தத்துக்கும் நடுவில் அது லேசாகத்தான் கேட்கிறது.

அப்பா இப்போது இல்லை. அவர் அப்படிக் கவனித்த பாட்டு எது என்று எனக்குத் தெரிய வேண்டும். எனக்குச் சங்கீதம் தெரியாது. அம்மாவுக்கும் நினைவில்லை. வாசித்தவர்கள் எந்த ஊர் மேளம் என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் துண்டை இங்கே இணைத்திருக்கிறேன்.

மாரியம்மன்தெரு

அக்கா, ஷஸாம் போட்டுப் பாருங்கள். எங்கள் தெரு ஆடித் திருவிழா வீடியோவில் தூரத்தில் ஒரு அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குழாய் ஸ்பீக்கர், அதுவும் இரண்டு தெரு தள்ளி, பட்டாசு வேறு. போனைப் பக்கத்தில் வைத்ததும் பத்து செகண்டில் பாட்டின் பெயர் வந்துவிட்டது. இதற்கும் வரும்.

கார்குழலி

முன்பே ஏழெட்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன் தம்பி. ஒன்றும் வரவில்லை. ஒரு தடவை மட்டும் ஏதோ வெளிநாட்டுப் பாட்டின் பெயரைக் காட்டியது.

ஒத்துநாதன்

வராது அம்மா. தம்பி சொன்ன திருவிழாப் பாட்டு கேசட்டிலோ சிடியிலோ பதிவானது. ஸ்பீக்கரில் அதே பதிவு ஓடியது, அதனால் கண்டுபிடித்தது. அந்த மாதிரிச் செயலி பாட்டைத் தேடுவதில்லை, குறிப்பிட்ட ஒரு பதிவைத்தான் தேடுகிறது. ஒலியில் எந்த நொடியில் எந்தச் சுருதி தூக்கலாக நிற்கிறது என்ற புள்ளிகளை எடுத்துத் தன்னிடம் இருக்கும் பதிவுகளோடு பொருத்திப் பார்க்கும். உங்கள் சித்தப்பா கல்யாணத்தில் அன்று வாசித்தது அன்றைக்கு மட்டும் வாசித்தது. உலகத்தில் வேறு எங்கும் அந்தப் பதிவு கிடையாது. அதே வித்வான் அதே பாட்டை மறுநாள் வாசித்திருந்தாலும் புள்ளிகள் பொருந்தாது.

மெட்டை முணுமுணுத்துத் தேடும் வசதி கூகுளில் 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அது மெட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதால் நேரடி வாசிப்புக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் நாம் பத்துப் பதினைந்து விநாடி சரியாக முணுமுணுக்க வேண்டும், அதற்கு மெட்டு முதலில் காதில் விழ வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் பல இடங்களில் கேமரா சத்தத்தை அழித்துவிட்டுக் கேசட்டிலிருந்து வேறு நாதஸ்வர இசையைச் சேர்த்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. காட்சி வெட்டுப்படும் இடத்தைப் பாருங்கள். படம் மாறியும் இசை அறுபடாமல் ஓடினால் அது பிறகு சேர்த்தது. படத்தோடு இசையும் வெட்டுப்பட்டால் கேமராவில் பதிவானது.

கார்குழலி

பார்த்தேன் ஐயா. 13:26-ல் காட்சி மாறும்போது நாயனமும் சட்டென்று அறுபடுகிறது. அடுத்த காட்சியில் வேறு ஏதோ வாசிக்கிறார்கள். அப்படியென்றால் அன்று வாசித்ததுதான்.

ராகமாலிகாரவி

மோகனம்! நூறு சதவீதம் மோகனம். ஆடாசிட்டியில் போட்டு இரைச்சலை நன்றாகக் குறைத்துவிட்டுக் கீபோர்டில் ஒவ்வொரு ஸ்வரமாகத் தேடிப் பிடித்தேன். ஒன்றரைக் கட்டை சுருதி. ச ரி க ப த, ஐந்து ஸ்வரமும் சுத்தமாக விழுகிறது, ஆறாவது ஸ்வரம் எங்கேயும் இல்லை. கல்யாணத்தில் மோகனம் என்றால் தியாகராஜரின் ‘நன்னு பாலிம்ப’வாகத்தான் இருக்க வேண்டும். பெரிய வித்வான்கள் எல்லாரும் வாசிப்பார்கள். கார்குழலி மேடம், தேடல் முடிந்தது.

கார்குழலி

மிக்க நன்றி ரவி சார்! உடனே யூட்யூபில் நாலைந்து பேர் வாசித்ததைக் கேட்டேன். ஆனால் எதுவும் எங்கள் வீடியோவில் கேட்பது போல இல்லையே. எனக்குத்தான் பிடிபடவில்லையா?

ஒத்துநாதன்

உங்கள் காது சரி அம்மா. ரவி பிடித்த ஐந்து ஸ்வரமும் சரி, நானும் அதையேதான் கேட்கிறேன். அதில் எது ‘ச’ என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ரவி, வீட்டில் கீபோர்டு இருக்கிறது அல்லவா, கறுப்புக் கட்டை ஐந்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். மூன்று கறுப்புக் கட்டை சேர்ந்து இருக்கும் இடத்தில் முதல் கட்டையை ‘ச’ என்று வைத்தால் மோகனம். அதற்கு அடுத்ததை ‘ச’ என்று வைத்தால் அதே ஐந்து கட்டை மத்யமாவதி. மூன்றாவதை வைத்தால் இந்தோளம். இரண்டு கட்டை சேர்ந்திருக்கும் இடத்தில் முதலாவதை வைத்தால் சுத்த சாவேரி, இரண்டாவதை வைத்தால் சுத்த தன்யாசி. ஸ்வரக் கட்டைகள் மாறவே இல்லை, ஆதாரம் மட்டும்தான் மாறுகிறது. சுருதி கூடவே ஒலித்தால் காது தானாகவே ஆதாரத்தைப் பிடித்துக்கொள்ளும். தூரத்துச் சத்தத்தில் முதலில் காணாமல் போவது அந்தச் சுருதிதான். அப்போது நமக்குப் பழகிய ராகம் எதுவோ அதுவாகவே கேட்கும். மோகனம் எல்லோருக்கும் பழகியது.

எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் நீங்கள் சொன்ன ஒன்றரைக் கட்டை. தஞ்சாவூர்ப் பக்கம் வாசிப்பது பாரி நாயனம். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் அது பரவி, பழைய திமிரி ஒதுங்கிப்போனது. பாரி பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில்தான் நிற்கும், திமிரி அதைவிட மேலே. ஒன்றரை என்பது பாரிக்குமே கீழே போய்விடுகிறது. டேப் கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால் சுருதி இறங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அரைக் கட்டை இறங்குகிற அளவுக்கு ஓடினால் பேச்சுக் குரலும் இழுத்துக்கொண்டு கேட்கும். இந்தத் துண்டில் குரல்கள் இயல்பாக இருக்கின்றன.

இன்னொரு கேள்வி. இரைச்சலைக் குறைத்தேன் என்றீர்களே, எந்த இடத்தை மாதிரியாகக் காட்டினீர்கள்?

ராகமாலிகாரவி

நாயனம் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறதே, 12:58 வாக்கில். அங்கே ஒன்றரை செகண்டை மாதிரியாக எடுத்து Noise Reduction போட்டேன். வழக்கமாக அப்படித்தானே செய்வோம்?

ஒத்துநாதன்

பேச்சுப் பதிவுக்கு அது சரி. இங்கே அதுதான் கெடுத்தது. நாயனம் மூச்சு விடும் இடத்திலும் சுருதி நிற்காமல் ஒலித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தை இரைச்சல் என்று காட்டினால் மென்பொருள் சுருதியையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு முழுத் துண்டிலிருந்தும் துடைத்துவிடும். மாறாமல் ஒரே அளவில் ஒலிப்பதுதானே அதன் கணக்கில் இரைச்சல்! நீங்கள் கேட்டது ஆதாரமே இல்லாத ஐந்து ஸ்வரம். அதனால் உங்கள் மேல் குறை இல்லை.

என் தாத்தா ஒத்து ஊதியவர். பெரிய வித்வான் பக்கத்தில் மணிக்கணக்காக ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்கிறவர்கள் யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கு நாம் தேட வேண்டியது அந்த ஒத்தைத்தான்.

கார்குழலி அம்மா, நீங்கள் இணைத்தது வாட்ஸப்பில் அனுப்பிச் சுருங்கிய துண்டு போல இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றிய மூலக் கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும். ffmpeg என்ற மென்பொருள் இருந்தால் இரண்டே வரி:

```
ffmpeg -ss 00:12:40 -i kalyanam.mp4 -t 46 -vn -ac 1 thundu.wav
ffmpeg -i thundu.wav -af "highpass=f=250,lowpass=f=4000" nayanam.wav
```

முதல் வரி அந்த 46 விநாடியின் ஒலியை மட்டும் தனியாக எடுக்கும். இரண்டாவது வரி தவிலின் அடித்தொப்பிச் சத்தத்தையும் மின்விசிறி இரைச்சலையும் கீழேயும், டேப்பின் சீறலை மேலேயும் வெட்டும். நாயனத்தின் உயிர் நடுவில் இருக்கிறது, அது தப்பிக்கும். இரைச்சல் குறைப்பு எதுவும் போட வேண்டாம். ஆடாசிட்டியில் திறந்து, அலை வடிவத்துக்குப் பதிலாக Spectrogram காட்சிக்கு மாற்றுங்கள். அமைப்பில் Window size 8192 வைத்தால் கோடுகள் மெல்லியதாகத் தெரியும். ரவி சொன்ன அதே 12:58-ஐப் பாருங்கள், வெட்டிய துண்டில் அது 18-வது விநாடி. நாயனத்தின் கோடுகள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். வளையாமல் நேராகக் கிடக்கும் கோடு ஏதாவது இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

வடமராட்சியான்

வணக்கம். இடையில் வருவதற்கு மன்னிக்க வேணும். என்னிடமும் இப்படி ஒரு வீடியோ இருக்குது. வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தத்தில் மாமா எடுத்தது. கடல் இரைச்சலுக்குள்ளே நாதஸ்வரம் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப, முதலில் ஆறுதலாக, பிறகு வேகமாக, பிறகு இன்னும் வேகமாக வாசிக்கிறது. அம்மா அதை ஒரு பழைய பெருமாள் பாட்டு என்கிறா. வரி என்ன என்று கேட்டால் தெரியாது என்கிறா. நீங்கள் சொல்கிற முறையில் அந்தப் பாட்டின் வரியைக் கண்டுபிடிக்கலாமோ?

ஒத்துநாதன்

ஐயா, ஒரே துண்டை மூன்று வேகத்தில் வாசிக்கிறார்கள் என்றால் அது மல்லாரியாக இருக்க இடமுண்டு. சுவாமி புறப்பாட்டில் வாசிப்பது. கம்பீர நாட்டையில் இருக்கும், அதற்குச் சாகித்யமே கிடையாது. வரி இல்லாததை வரி வைத்துத் தேடினால் எங்கேயும் கிடைக்காது, அம்மா மேல் தவறில்லை. சுவாமி நகரும்போது வாசிக்கிறார்களா, நின்ற பிறகு வாசிக்கிறார்களா என்று படத்தில் பாருங்கள். நின்ற இடத்தில் என்றால் வேறு உருப்படியாகவும் இருக்கலாம்.

வடமராட்சியான்

சுவாமி கடற்கரைக்கு வந்துகொண்டிருக்கிற நேரம்தான். அம்மாவிடம் சொல்கிறேன். நம்புவாவோ தெரியாது. ‘எனக்குத் தெரிஞ்ச பாட்டு’ என்று ஒரே பிடியாக நிற்கிறா.

பாட்டுடீச்சர்

மல்லாரிக்குச் சொற்கட்டு உண்டு. ஸ்வரமாகவோ தத்தகாரமாகவோ சொல்லலாம். அம்மா சிறு வயதிலிருந்து அதை ஒவ்வொரு திருவிழாவிலும் கேட்டிருப்பார். அவருக்கு அது பாட்டுதான். அவரிடம் வாதாட வேண்டாம்.

கார்குழலி

ஒத்துநாதன் ஐயா, என் தம்பி உதவியோடு செய்துவிட்டேன். நேராகக் கிடக்கும் கோடு ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன! மிகவும் மங்கல். பக்கத்தில் யாரும் பேசாத இரண்டு விநாடியில் மட்டும் தெளிவாகிறது. சுட்டியை வைத்துப் படித்ததில் ஒன்று 620-க்கு மேலே, ஒன்று 930 வாக்கில், இன்னொன்று 1240-க்கு மேலே. எதை எடுத்துக்கொள்வது?

ஒத்துநாதன்

சபாஷ். மூன்றும் ஒரே ஒலியின் பிள்ளைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், இரண்டு முறையும் ஏறத்தாழ 311. அதுதான் அடிப்படைச் சுருதி. அந்த 311-லேயே ஒரு கோடு இருக்க வேண்டும், தூரத்தில் அது கரைந்துவிட்டது. மேல் கோடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சீவாளி வைத்து ஊதும் வாத்தியத்தில் மேல் ஒலிகளுக்குத்தான் வலு அதிகம்.

311 என்றால் இரண்டரைக் கட்டை. பாரி நாயனம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

பேசாத இரண்டு விநாடியில் தெளிவானது என்றீர்கள், அதற்கும் காரணம் உண்டு. அந்தக் கேமராக்கள் சத்தத்தின் அளவைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒருவர் பேசினால் எல்லாவற்றையும் தணிக்கும், அவர் வாயை மூடினால் சற்று நேரத்தில் தூரத்துச் சத்தத்தை மேலே தூக்கும். அதனால் பேச்சு நின்ற உடனே வரும் கணத்தை விட்டுவிட்டு அதற்கடுத்த விநாடியைக் கேட்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். சுருதிப்பெட்டி என்றால் ச-வோடு ப-வும் சேர்த்து வைத்திருப்பார்கள், 466 வாக்கிலும் 1400 வாக்கிலும் கோடு வரும். இருக்கிறதா?

கார்குழலி

இல்லை ஐயா, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆனால் வேறொன்று கிடைத்தது. வீடியோ ஆரம்பத்தில், இரண்டாவது நிமிடத்தில் மாப்பிள்ளை அழைப்பு வருகிறது. மேளக்காரர்கள் கேமராவைத் தாண்டிப் போகிறார்கள். மூன்று பேர் கையில் நாயனம் இருக்கிறது. இரண்டு பேரின் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மூன்றாவது ஆள் வயதானவர், நெற்றி நிறைய விபூதி. கன்னம் உப்பியிருக்கிறது, விரல் மட்டும் அசையவே இல்லை. அவர்தானா ஒத்து?

ஒத்துநாதன்

அவரேதான். ஒத்துக்கு விரல் துளை கிடையாது.

சரி, இனி ரவியின் ஸ்வரங்களை இந்த ஆதாரத்தில் வைத்துப் பார்ப்போம். ரவி ‘ச’ என்று வைத்தது ஒன்றரைக் கட்டை. உண்மையான ‘ச’ இரண்டரைக் கட்டை. அப்படியானால் அவர் ‘ரி’ என்று பிடித்த ஸ்வரம்தான் ‘ச’. மற்றவை அந்த வரிசையில் ரி, ம, ப, நி ஆகின்றன. மோகனம் போய் மத்யமாவதி ஆகிவிட்டது.

ராகமாலிகாரவி

இப்போது 311-ஐக் கூடவே ஒலிக்கவிட்டு அதே துண்டைக் கேட்டேன். ஐயா, வேறு பாட்டு மாதிரி இருக்கிறது! நான் ‘ச’ என்று நினைத்த இடத்தில் நிஷாதம் ஆடுகிறது. ஒத்துக்கொள்கிறேன். மத்யமாவதி என்றால் பாபநாசம் சிவனின் ‘கற்பகமே’வாக இருக்குமோ? தியாகராஜரின் ‘அலகலல்ல’வும் உண்டு.

பாட்டுடீச்சர்

கொஞ்சம் பொறுங்கள். ஐந்து ஸ்வரம் கேட்டதால் மத்யமாவதி என்று முடிவு கட்ட முடியாது. ஸ்ரீராகத்தில் ஆரோகணம் இதே ஐந்துதான், இறங்கும்போது மட்டும் காந்தாரம் என்ற ‘க’ வரும். பிருந்தாவன சாரங்காவும் பக்கத்து வீடு. உங்களிடம் இருப்பது 46 விநாடி, அதில் பாதி நேரம் பேச்சு. காந்தாரம் வந்து பேச்சுக்கு அடியில் போயிருக்கலாம். என் மாணவிகள் நேரில் கேட்டே ஸ்ரீயையும் மத்யமாவதியையும் குழப்புவார்கள். நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இந்தத் துண்டை வைத்து நான் ராகம் சொல்ல மாட்டேன்.

ஒத்துநாதன்

டீச்சர் சொல்வது நியாயம். ராகத்தின் பெயரை அப்படியே நிறுத்திவைப்போம், தாளத்துக்குப் போவோம். தாளம் தெரிந்தால் ரவி சொன்ன பாட்டுகளில் ஒன்றாவது விழும். ‘அலகலல்ல’ ரூபகம், ‘கற்பகமே’ ஆதி. ஆனால் தவில் இந்தத் தூரத்தில் குழம்பிக் கேட்கிறது, தாளச் சுற்று தொடங்கும் தட்டான சமம் எனக்குப் பிடிபடவில்லை.

பாட்டுடீச்சர்

நான் ஒலியைக் கேட்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தேன். கார்குழலி, உங்கள் அப்பாவின் வலது கையைப் பார்த்தீர்களா?

கார்குழலி

பார்த்தேன் டீச்சர். தொடை மேல் விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார். மொய் எழுதும் நேரம் என்பதால் யார் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வீட்டு வரவு செலவெல்லாம் அவர் அப்படித்தான் விரலில் எண்ணுவார்.

பாட்டுடீச்சர்

மொய்க் கணக்கு இல்லை அம்மா. ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். மறுபடி ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு. எட்டு எண்ணிக்கை. அடுத்த தட்டு முதலிலிருந்து. 12:44-லிருந்து பேச்சுக் கொடுப்பவர் தோளைத் தொடும் வரை நாலு சுற்று, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. உங்கள் அப்பா ஆதி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். சும்மா தட்டுகிறவர் மோதிர விரலுக்குப் போக மாட்டார், கற்றுக்கொண்டவர்தான் போவார்.

கார்குழலி

அவர் கற்றுக்கொண்டதாக ஒரு நாளும் சொன்னதில்லையே. வீட்டில் பாடிக்கூட நான் கேட்டதில்லை.

அம்மாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூன்று வருடம் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டாராம். தாத்தா இறந்த பிறகு நின்றுபோனதாம். இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீ கேட்கவில்லையே என்கிறார்.

ஒத்துநாதன்

அவர் கையை வைத்து நான் சமத்தைப் பிடித்துவிட்டேன். கேமரா சத்தமும் படமும் சிறிது முன்பின்னாக இருக்கும் என்று பயந்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பவர் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தமும் காட்சியும் ஒரே நேரத்தில் விழுகின்றன, அதனால் நம்பலாம். ‘அலகலல்ல’ போய்விட்டது.

இனி ஒரே வழி, இதே பாட்டின் இன்னொரு துண்டு. கார்குழலி அம்மா, அதே கல்யாணத்தில் 13:26-க்குப் பிறகோ 12:40-க்கு முன்போ இதே மெட்டு தலைகாட்டுகிறதா? கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுத்திருப்பார்கள், பாட்டு தொடர்ந்து நடந்திருக்கும். வேகத்தைக் குறைத்துக் கேட்டால் எளிது. சுருதி மாறாமல் மெதுவாக்க:

```
ffmpeg -i nayanam.wav -af "atempo=0.75" medhuvaga.wav
```

கார்குழலி

இரண்டு நாள் கேட்டேன். 11:52-ல் பெரியம்மா பொண்ணுக்குப் பொட்டு வைக்கும் காட்சியில் ஒரு பதினைந்து விநாடி இருக்கிறது. அதுவும் அப்பா துண்டின் முதல் பகுதியும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. இரண்டையும் இணைத்திருக்கிறேன். 12:40 துண்டுக்குள்ளேயே அந்த முதல் வரி மறுபடி ஒரு தடவை வருகிறது.

ஒத்துநாதன்

இது போதும் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். ‘கற்பகமே’ என்றால் பல்லவிக்குப் பிறகு அனுபல்லவி மேலே ஏறித் தார ஸ்தாயிக்குப் போயாக வேண்டும், நாயனத்தில் அது தூரத்திலும் கூர்மையாகக் கேட்கும். இங்கே ஒரு சிறிய மெட்டு போகிறது, உடனே முதல் வரிக்குத் திரும்புகிறது, இன்னொரு சிறிய மெட்டு, மறுபடி முதல் வரி. கீர்த்தனையின் நடை அப்படி இருக்காது, தேவர்நாமா என்ற கன்னட பக்திப் பாட்டின் நடை அது. மத்யமாவதியில் நாயனக்காரர்கள் கல்யாணத்தில் விரும்பி வாசிக்கும் தேவர்நாமா புரந்தரதாசரின் ‘பாக்யத லக்ஷ்மி பாரம்மா’. லக்ஷ்மியை வீட்டுக்கு வா என்று அழைப்பது, பெண் புகுந்த வீட்டுக்குப் போகும் நாளுக்குப் பொருத்தம்.

ஊகத்தோடு நிறுத்தவில்லை. அந்தப் பாட்டின் ஒரு பதிவை எடுத்து இரண்டரைக் கட்டைக்குச் சுருதி மாற்றி, உங்கள் அப்பா தட்டும் வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு காதில் அதையும் இன்னொரு காதில் உங்கள் துண்டையும் விட்டுக் கேட்டேன். முதல் வரி வளைவுக்கு வளைவு சேர்ந்து போகிறது. முடியும் இடத்தில் வித்வான் தன் சொந்தச் சங்கதி ஒன்றைப் போட்டிருக்கிறார், அங்கே மட்டும் பிரிகிறது.

ராகமாலிகாரவி

நானும் முதல் வரியை முணுமுணுத்துக் கூகுளில் தேடினேன். மூன்று முயற்சியில் இரண்டில் அதே பாட்டு முதலில் வந்தது. மூன்றாவதில் ஏதோ சினிமாப் பாட்டு.

பாட்டுடீச்சர்

நானும் கேட்டேன். பாட்டு அதுதான் என்று ஏற்கிறேன். ராகத்தில் மட்டும் என் கேள்வி நிற்கிறது. இந்தப் பாட்டை ஸ்ரீராகத்தில் பாடுகிறவர்களும் உண்டு. முதல் வரி இறங்கும் இடத்தில் யாரோ ‘சாப்பிடப் போகலாமா’ என்று கேட்கிறார், சரியாக அங்கேதான் காந்தாரம் வந்தால் வர வேண்டும். மத்யமாவதி என்று எழுதி வைக்காதீர்கள்.

ஒத்துநாதன்

டீச்சர், அந்தக் குரலை நானும் நாலு தடவை சபித்தேன். 11:52 துண்டில் அதே இடம் பேச்சில்லாமல் இருக்கிறது, அங்கே எனக்குக் காந்தாரம் கேட்கவில்லை.

பாட்டுடீச்சர்

எனக்கு ஒரு தொடல் கேட்கிறது. லேசாக.

கார்குழலி

நேற்று ராத்திரி அம்மாவை உட்காரவைத்து, யூட்யூபில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டுக் கையோடு வீடியோவையும் ஓடவிட்டேன். அம்மா பாட்டைக் கேட்கவில்லை, அப்பா கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றில் அந்த ஆள் தோளைத் தொட்டதும், ‘அவர்தான் உங்கப்பாவோட பாட்டு கத்துக்கிட்டவர்’ என்றார். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாராம், இப்போது எண்பது வயது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். டீச்சர், காந்தாரம் பற்றி அவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

பாட்டுடீச்சர்

ராகத்தின் பெயரை முதலில் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். முதல் வரியை மட்டும் பாடிக் காட்டச் சொல்லி, போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். இறங்கும் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.